முனையிலிருந்து முந்நூறு முழம்

தூய பெலாஜியா மடம்
20 பிப்ரவரி 1556

என் அன்பு அண்ணா நெரியோவுக்கு,

நீ நலமா? நேற்றுச் சாம்பல் புதன். என் நெற்றியில் பூசிய சாம்பல் மூக்கில் உதிர்ந்து, பூசை முடியும்வரை தும்மிக்கொண்டே இருந்தேன். பெரிய தாயார் திரும்பிப் பார்த்த பார்வையில் எனக்கு இருமலும் சேர்ந்து வந்துவிட்டது.

தவக்காலம் முடியும்வரை பார்வையாளர் கம்பி ஜன்னலை மூடிவிடுவார்கள் என்று உனக்குத் தெரியும். இன்னும் ஆறரை வாரம் உன் முகத்தைப் பார்க்க முடியாது. ஆனால் உன் முதுகைப் பார்க்கலாம்! மணிக்கூண்டில் ஏறினால் கிழக்குக் கொத்தளம் கட்டும் இடம் முழுக்கத் தெரிகிறது. நேற்று நீ குனிந்து கயிறு பிடித்துக்கொண்டிருந்தாய். அந்தப் பழுப்புத் தொப்பி உன்னுடையதுதானே? கூப்பிடு தூரத்தில் இருக்கும் அண்ணனுக்குக் கடிதம் எழுதும் தங்கை இந்த நாட்டில் நான் ஒருத்திதான் இருப்பேன். ரொட்டிக் கூடையின் அடியில் வைத்து எங்கள் மடத்து வேலைக்காரி தொமாசாக்கா இதைக் கொண்டுவருவாள். பதிலையும் அவளிடமே கொடு. அவளுக்கு எழுத்து தெரியாது, அதனால் பயமில்லை. இல்லாவிட்டாலும் அவள் படிக்க மாட்டாள், அவ்வளவு நல்லவள்.

அண்ணா, முக்கியமான செய்திக்கு வருகிறேன். நகரசபையின் ஆணையை நேற்று வாசித்தார்கள். புதிய கொத்தளத்தின் முனையிலிருந்து முந்நூறு முழத்துக்குள் வீடு, மரம், வேலி, கோயில், மடம் எதுவும் நிற்கக் கூடாதாம். எதிரி ஒளிந்துகொள்ள ஒரு கோழிக்கூடுகூட இருக்கக் கூடாதாம். துணி அளக்கும் கோலை எடுத்துக்கொண்டு தொமாசாக்கா போய் அளந்து பார்த்தாள். முனை வரும் என்று எல்லாரும் சொல்கிற இடத்திலிருந்து எங்கள் மதிற்சுவர் இருநூற்றுத் தொண்ணூறு முழம்.

பத்து முழம், அண்ணா. பத்தே முழம்.

மடத்தை இடித்தால் கன்னியர்களை நகரத்துக்குள் மீன் சந்தைக்குப் பக்கத்தில் ஒரு குறுகலான வீட்டுக்கு அனுப்புவார்கள். அங்கே படிக்கும் பெண்களுக்கு இடம் கிடையாது. மற்றவர்களுக்கு வீடு இருக்கிறது. உன் கொட்டகையில் என்னை வைத்துக்கொள்ள முடியாது, எனக்கு மலையூர் அத்தைதான் இருக்கிறாள். அத்தை நல்லவள். ஆனால் அவள் வீட்டில் இருக்கும் ஒரே புத்தகம் ஆட்டு நோய்க்கு மருந்து சொல்லும் புத்தகம், அதிலும் பாதியை ஆடு தின்றுவிட்டது. போன முறை வந்தபோதே பக்கத்து வீட்டுப் பையனைப் பற்றி மூன்று தடவை பேசினாள். இங்கே நாற்பத்தொரு புத்தகங்கள் இருக்கின்றன. நான் பதினேழுதான் முடித்திருக்கிறேன்.

எனக்கு ஒன்று மட்டும் புரியவில்லை. நம் நகரத்தின் பழைய மதில் எவ்வளவு உயரம்! அதை ஏன் இடுப்பளவுக்கு வெட்டுகிறீர்கள்? உயரமாக இருந்தால்தானே எதிரி ஏற முடியாது?

உன் பதிலுக்குக் காத்திருக்கும்
தங்கை ஒர்சோலா


கிழக்குக் கொத்தளம்
24 பிப்ரவரி

அன்புத் தங்கச்சிக்கு,

பழுப்புத் தொப்பி என்னுடையதுதான். அதன் ஓட்டையும் தெரிந்தால் தைத்து அனுப்பு.

நீ கேட்ட கேள்வியையே போன வாரம் கிழவர் ஃபாத்ஸியோ கேட்டார். அவருடைய மூதாதையர் கட்டிய கோபுரத்தின் மேல்பாதியை இறக்க நாங்கள் தயாராகிக்கொண்டிருந்தோம். அவர் கீழே நின்று தடியைத் தரையில் குத்தினார்.

"டேய், அறுபது முழக் கோபுரம்டா இது! எங்க தாத்தாவோட தாத்தா கட்டினது. அதை மொட்டையடிக்கிறீங்களே, உங்க கை விளங்குமா?"

"ஐயா, உயரமா இருக்கிறதுதான் குத்தம்" என்றார் மேஸ்திரி கஸ்பாரே. "தூரத்துலேர்ந்தே பீரங்கிக்காரனுக்கு நல்லாத் தெரியும். கண்ணை மூடிக்கிட்டுச் சுட்டாக்கூடப் படும்."

"அந்தக் காலத்துலயும் கல்லு வீசினான். விழுந்துச்சா?"

"அது கல்லு. வளைஞ்சு வந்து மேல விழும், சுவத்துல பட்டா அதுவே உடையும். இப்போ வர்றது இரும்பு. நேரா வரும். ஒரே உயரத்துல பத்துத் தடவை அடிவயித்துல அடிப்பான். அடி அறுந்தா அறுபது முழமும் அகழிக்குள்ள சரியும். அப்புறம் அவனுக்கு ஏணி எதுக்கு? உங்க கோபுரம்தான் ஏணி."

கிழவர் கோபுரத்தை அண்ணாந்து பார்த்தார். பிறகு, "உச்சியிலிருக்கிற சிங்கத்தையாவது உடைக்காம இறக்குங்கடா" என்றார். இறக்கிக் கொடுத்தோம். இப்போது அது அவர் வீட்டு முற்றத்தில் புறாக்களுக்கு இருக்கை.

புதிய சுவர் எப்படி என்றால், அதில் பாதி மேலே எழும்புவதே இல்லை. அகலமான அகழி தோண்டி, சுவரை அதற்குள் இறக்கிவிடுகிறோம். வெளியே வயலில் நிற்பவனுக்கு அதன் தலை மட்டும்தான் தெரியும். வெளிப்பக்கம் செங்கல், பின்னால் சாய்ந்த மாதிரி. உள்ளே முழுக்க மண். ஒரு அடுக்கு மண், ஒரு அடுக்குச் சுள்ளிக் கட்டு, திமிசுக் கட்டையால் இடித்து இறுக்கி, மறுபடி மண். கருங்கல் என்றால் குண்டு பட்டதும் சிதறி நம் ஆளையே குத்தும். செங்கலும் மண்ணும் குண்டை விழுங்கிவிடும், தொமாசாக்கா கொழுக்கட்டையை விழுங்குகிற மாதிரி. (இதை அவளுக்குப் படித்துக் காட்டாதே.)

நட்சத்திர வடிவம் ஏன் என்று அடுத்து கேட்பாய், உன்னை எனக்குத் தெரியும். பழைய வட்டக் கோபுரத்தின் அடியில் ஒருவன் ஒட்டி நின்றால், மேலே இருப்பவன் எட்டிப் பார்த்தால்தான் தெரியும். எட்டிப் பார்த்தால் தலை போகும். பக்கத்துக் கோபுரத்திலிருந்து பார்த்தாலும் வட்டத்தின் முன்வயிறு மறைத்துக்கொள்ளும். அந்தக் குருட்டு இடத்தில் எதிரி நிம்மதியாக உட்கார்ந்து அடிவாரத்தைத் தோண்டி, வெடிமருந்து வைப்பான். அதனால் வட்டத்தை எடுத்துவிட்டு முக்கோண முனையாக்கினோம். அதன் முகம் ஒரு நேர்க்கோடு. அந்தக் கோட்டை நீட்டினால் பக்கத்துக் கொத்தளத்தின் விலாவில் போய் முடிய வேண்டும். விலாவில் ஒரு குழி, அதற்குள் இரண்டு பீரங்கி. குழிக்கு முன்னால் காது மாதிரி ஒரு புடைப்பு இருக்கிறது. வயலில் இருப்பவனுக்கு அந்தப் பீரங்கி தெரியாது. சுவரை ஒட்டி வருபவனுக்கு மட்டும் தெரியும், தெரியும்போது காலம் கடந்திருக்கும். ஒவ்வொரு கொத்தளமும் தன்னைப் பார்த்துக்கொள்ளாது. பக்கத்தில் இருப்பதைப் பார்த்துக்கொள்ளும்.

இந்தக் கடிதத்தோடு வரைபடத்தின் நகல் ஒன்று வைத்திருக்கிறேன். தெற்குக் கொத்தளம் முடிந்துவிட்டது. கிழக்கில் முகமும் விலாவும் சேரும் மூலைகள், இரண்டு தோள்களும், ஆள் உயரத்துக்கு எழும்பிவிட்டன. முனைக்குத்தான் இன்னும் முளை அடிக்கவில்லை. மேஸ்திரி அடுத்த நகரத்துக்குப் போயிருக்கிறார், குருத்து ஞாயிறுக்குத்தான் வருவார். முளை அடிப்பதை என்னிடம் விட்டுப் போயிருக்கிறார்.

நீ கவலைப்படாதே. படி.

அண்ணன் நெரியோ


தூய பெலாஜியா மடம்
3 மார்ச்

என் தங்கமான அண்ணாவுக்கு,

முந்நூற்று ஐந்து!

நீ முனைக்கு முளை அடித்த அன்றே தொமாசாக்கா கோலோடு ஓடினாள். திரும்பி வரும்போது ஒரு காலணி இல்லை. "முந்நூத்தி அஞ்சு! ரெண்டு தடவை அளந்தேன்!" என்று வாசலிலிருந்தே கத்தினாள். தவக்காலத்தில் அல்லேலூயா பாடக் கூடாது, அதனால் யாரும் பாடவில்லை. ஆனால் பெரிய தாயார் சமையலறைக்குள் போய்க் கொஞ்ச நேரம் வெளியே வரவில்லை. வந்தபோது கண் சிவந்திருந்தது. வெங்காயம் என்றார். வெங்காயம் தோட்டத்தில்தான் இருந்தது.

கூடையில் இருக்கும் கஷ்கொட்டை மாவு அடை உனக்கு. தவக்காலத்தில் முட்டை, பால் சேர்க்க முடியாது, ஆனால் ரோஸ்மேரி இலையும் திராட்சையும் போட்டிருக்கிறது. உன் கயிற்றுக்காரர்களுக்கும் கொடு. நீ மட்டும் தின்னாதே.

முதலில் எல்லாரும் சொன்ன இடம் தப்பாக இருந்ததா? எப்படியோ, கடவுளுக்கு நன்றி. பதினெட்டாவது புத்தகத்தைத் தொடங்கிவிட்டேன். வடிவியல். முக்கோணங்கள் அவ்வளவு ஒழுங்கானவை, அண்ணா. சண்டையே போடுவதில்லை.

உன் வரைபடத்தை என் பூவேலைச் சட்டத்தில் செய்துகொண்டிருக்கிறேன். துணியை இழுத்துக் கட்டி, மூலைக்கு மூலை குண்டூசி குத்தி, சிவப்பு நூலால் சுவர், நீல நூலால் பீரங்கியின் பார்வை. எங்கள் பூவேலை ஆசிரியை இது எந்தப் பூ என்று கேட்டார். நட்சத்திரப் பூ என்றேன். பொய்யில்லைதானே?

ஒரு சந்தேகம். எத்தனை தடவை குத்தினாலும் கிழக்குக் கொத்தள முகத்தின் நூல் தெற்குக் கொத்தளத்தின் விலாவில் போய் முடியவில்லை. நான் எங்கேயோ தப்பாகக் குத்துகிறேன். தோளிலிருந்து முனை எவ்வளவு, தோளிலிருந்து பீரங்கிக் குழி எவ்வளவு என்று எழுதுவாயா?

உன் ஒர்சோலா


கிழக்குக் கொத்தளம்
6 மார்ச்

ஒர்சோலா,

அடை நன்றாக இருந்தது. கயிற்றுக்காரர்கள் பெரிய தாயாருக்கு வணக்கம் சொல்கிறார்கள். இங்கே மழை, சேறு முழங்கால்வரை.

குண்டூசியை எடுத்துவிட்டு உண்மையான பூ ஒன்றைத் தை. துணி இழுபடும், நூல் தொய்யும், அதில் கோட்டை சரியாக வராது. வரைபடத்தையும் வெளியே காட்டாதே, அது நகரத்தின் ரகசியம். கூடையில் திருப்பி அனுப்பிவிடு.

நேரமில்லை.

நெரியோ


தூய பெலாஜியா மடம்
12 மார்ச்

அன்புள்ள அண்ணா,

உன் கடிதம் இவ்வளவு சின்னதாக எப்போதும் வந்ததில்லை. உனக்குக் காய்ச்சலோ என்று பயந்தேன். தொமாசாக்காவைக் கேட்டேன். "காய்ச்சலெல்லாம் இல்லடி, மூஞ்சிதான் ஒரு மாதிரி இருக்கு" என்றாள்.

கோபித்துக்கொள்ளாமல் படி. நான் ஒரு காரியம் செய்துவிட்டேன்.

துணி இழுபடும் என்று நீ சொன்னது சரி. அதனால் தரையிலேயே பார்த்துவிடலாம் என்று நினைத்தேன். ஆற்றுக்குத் துணி துவைக்கப் போகும் தொமாசாக்காவோடு நானும் கூடை தூக்கிக்கொண்டு போனேன். நண்பகல் மணிக்கு உங்கள் ஆட்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். உன் முளைகளுக்கு நடுவில் கயிறு கட்டியிருந்தது. முனைக்குப் பக்கத்தில், முகத்துக்கு வெளியே, குந்தி உட்கார்ந்தேன்.

"ஏய், என்னடி பண்றே? பாவாடையெல்லாம் சேறு!"

"அக்கா, அங்கே தெற்குக் கொத்தளத்துல ரெண்டு கறுப்பு ஓட்டை இருக்கும். உனக்குத் தெரியுதா பாரேன்."

அவளும் குந்தினாள். முட்டி சத்தம் போட்டது. "ஓட்டையா? நம்ம கொத்தளத்துத் தோள்தான் மறைக்குது. ஒண்ணும் தெரியலையே."

"கொஞ்சம் தள்ளி?"

"இங்கயும் இல்ல. வெயிலுக்கு நல்ல மறைப்பா இருக்கு. சாப்பாட்டைக் கொண்டுவந்து இங்கயே உட்காரலாம்."

அவள் சும்மா சொன்னாள். ஆனால் எனக்குப் பீரங்கி தெரியாவிட்டால் பீரங்கிக்கும் என்னைத் தெரியாது. வட்டக் கோபுரத்தின் அடியில் உட்காருபவனைப் பற்றி நீ எழுதினாயே, நான் அவனாக உட்கார்ந்திருந்தேன்.

பிறகு கோலால் அளந்தோம். முனையிலிருந்து தோள் ஏறக்குறைய எண்பது முழம். தோளிலிருந்து தெற்கு விலாவின் குழி முந்நூற்று இருபது, நாலு மடங்கு. ஆக முனையை ஒரு முழம் பின்னால் இழுத்தால், தோள் அதே இடத்தில் இருப்பதால், அந்தக் கோடு அங்கே நாலு முழம் வெளியே போகும். வடிவியல் புத்தகத்தில் இரண்டு முக்கோணங்கள் நுனியோடு நுனி தொட்டு நிற்கும் படம் இருக்கிறது, அதுதான் இது. நீ பதினைந்து முழம் இழுத்திருக்கிறாய். அங்கே அறுபது முழம். பீரங்கிக் குழியைத் தாண்டி, காதையும் தாண்டி, கோடு வயலுக்குப் போய்விடுகிறது. வடக்கு முகத்துக்கும் இதே கதிதான் என்று நினைக்கிறேன், அங்கே சேறு அதிகம், போகவில்லை.

மழையில் கயிறு சுருங்கி உன் அளவு தப்பியிருக்கும். நான் யாரிடமும் சொல்லவில்லை. மார்ச் இருபத்தைந்துக்கு அடித்தளத்தில் செங்கல் இறங்கும் என்று தொமாசாக்கா சொன்னாள், அதற்கு முன்னால் திருத்திவிடலாம் இல்லையா?

ஒர்சோலா

வரைபடம் ரொட்டிக்கு அடியில் இருக்கிறது.


கிழக்குக் கொத்தளம்
15 மார்ச்

தங்கச்சி,

கயிறு சுருங்கவில்லை.

உனக்குப் பொய் எழுத எனக்கு வரவில்லை. மேஸ்திரியின் வரைபடத்தில் முனை இருக்கும் இடம் எனக்குத் தெரியும். அங்கே முளையை வைத்து, சுத்தியலை ஓங்கினேன். அங்கிருந்து உங்கள் மடத்தின் கூரை தெரிந்தது. முளையைப் பிடுங்கிக்கொண்டு பின்னால் நடந்தேன். பதினைந்து எண்ணி அடித்தேன்.

அம்மா கடைசி நாளில் என்ன சொன்னாள் என்று உனக்குச் சொன்னதில்லை. நீ அப்போது தூங்கிவிட்டாய். "நெரியோ, வேறெதுவும் கேக்கல. அவளுக்குப் பதினாறு வயசு ஆகுறவரைக்கும் அவ கையிலேர்ந்து புஸ்தகத்தை யாரும் பிடுங்கக் கூடாது" என்றாள். சரிம்மா என்றேன். உனக்கு இப்போது பதிமூன்று. என் கையால் நானே பிடுங்கவா?

மேஸ்திரி வரும்போது செங்கல் மூன்று வரிசை ஏறியிருக்கும். திட்டுவார், ஆனால் இடிக்க மாட்டார். எந்தப் படை வரப்போகிறது? இந்த வருடம் எல்லாருடனும் சமாதானம். வந்தாலும் சரியாக அந்த முகத்துக்குத்தான் வருவானா? ஐந்து கொத்தளம் இருக்கிறது.

நீ சட்டத்தைக் கலைத்துவிடு. இதை எரித்துவிடு. உன் பதினெட்டாவது புத்தகத்தைப் படி. உனக்காக நான் செய்யக்கூடியது இந்தப் பதினைந்து முழம்தான்.

அண்ணன்


தூய பெலாஜியா மடம்
18 மார்ச்

என் அண்ணாவுக்கு,

உன் கடிதத்தை எரித்துவிட்டேன். அதற்கு முன் பல தடவை படித்தேன். அம்மா சொன்னதை இத்தனை நாள் நீ தனியாக வைத்திருந்தாயே. நான் தூங்கியிருக்கக் கூடாது.

மூன்று நாளாக நல்ல பிள்ளையாக இருக்க முயன்றேன். புத்தகத்தைத் திறந்தேன். முக்கோணம் வந்தது. மூடினேன். பத்தொன்பதாவதை எடுத்தேன், அது புனிதர்களின் வரலாறு, அதிலும் ஒரு நகரத்தை முற்றுகையிடுகிறார்கள். அண்ணா, இந்த நூலகத்தில் முற்றுகை இல்லாத புத்தகமே கிடையாதோ?

நேற்று மாவு பிசைந்துகொண்டே தொமாசாக்காவைக் கேட்டேன்.

"அக்கா, கிழக்குக் கொத்தளத்துக்குப் பின்னால யார் வீடு இருக்கு?"

"சாயக்காரத் தெரு. எம் தங்கச்சி அங்கதான் இருக்கா. நாலு புள்ளைங்க. கடைசிக்காரன் போன வாரம் நீலத் தொட்டிக்குள்ள விழுந்துட்டான், இன்னும் காதெல்லாம் நீலம்." சிரித்துவிட்டுச் சொன்னாள்: "உங்க அண்ணன் புண்ணியத்துல இனிமே அவங்க நிம்மதியாத் தூங்கலாம். பழைய மதிலுக்குப் பக்கத்துல எப்பவும் பயம்தான்."

நான் மாவையே பார்த்துக்கொண்டிருந்தேன். நீலக் காது.

எதிரி சரியாக அந்த முகத்துக்குத்தான் வருவானா என்று கேட்டாய். வருவான், அண்ணா. குந்தி உட்கார்ந்து பார்த்தாலே போதும். எனக்கு ஒரு மதிய வேளையில் தெரிந்தது, தொமாசாக்கா சாப்பாட்டுக்கு இடம் பிடித்தாள். அதற்கென்றே ஊர் ஊராகப் போகிறவன் எவ்வளவு நாள் எடுப்பான்?

ஒவ்வொரு கொத்தளமும் பக்கத்தில் இருப்பதைப் பார்த்துக்கொள்ளும் என்று நீ எழுதியது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. அதை நோட்டில் எழுதி வைத்தேன். ஆனால் நீ என்னைப் பார்த்துக்கொண்டதில் தெற்குக் கொத்தளத்துக்குக் கண் போய்விட்டது.

நான் இங்கே உட்கார்ந்து படிக்கும் ஒவ்வொரு பக்கமும் அந்தப் பதினைந்து முழத்தின் மேல் இருக்கும். அம்மா கேட்டது அதுவாக இருக்காது. புத்தகத்தை யாரும் பிடுங்கக் கூடாது என்றாள். நீ பிடுங்கவில்லை. நானே கீழே வைக்கிறேன். வைப்பதும் பிடுங்குவதும் வேறு.

எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. அத்தை வீட்டை நினைத்தால் அழுகை வருகிறது, இந்தக் காகிதத்தில் இருக்கும் ஈரம் அதுதான், அடையின் எண்ணெய் இல்லை. ஆனாலும் முளையைப் பழைய இடத்துக்கு மாற்று. இருபத்தைந்துக்கு இன்னும் ஏழு நாள்.

சட்டத்தில் முனையின் குண்டூசியை நானே முன்னால் குத்திவிட்டேன். நீல நூல் நேராகப் போய் விலாவில் நின்றது. அவ்வளவு அழகு.

உன் தங்கை
ஒர்சோலா


கிழக்குக் கொத்தளம்
30 மார்ச்

என் தங்கச்சிக்கு,

நீ மணிக்கூண்டிலிருந்து பார்த்திருப்பாய். இருபதாம் தேதி காலையிலேயே மாற்றிவிட்டேன். கயிற்றுக்காரன் பெப்போ கேட்டான்: "என்ன நெரியோ, முளைக்குக் கால் முளைச்சிருச்சா? அன்னைக்கு உள்ள போச்சு, இப்போ வெளிய வருது." தவக்காலத்தில் வெளியே நடக்கப் போயிருந்தது என்றேன். சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நேற்றுக் குருத்து ஞாயிறு. மேஸ்திரி கையில் குருத்தோலையோடு நேரே இங்கேதான் வந்தார். முனையில் நின்றார், ஒரு கண்ணை மூடி, கொத்தளத்தின் தோளை ஒட்டித் தெற்கே பார்த்தார். சரி என்று தலையாட்டினார். நான் பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் பழைய முளையின் குழி மண்ணில் அப்படியே இருந்தது.

"இது என்ன குழி?"

சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். மடம், முந்நூறு முழம், அம்மா.

அவர் வெகுநேரம் குருத்தோலையைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

"திருத்தினது யாரு?"

"என் தங்கச்சி."

"எத்தனை வயசு?"

"பதிமூணு. பூவேலைச் சட்டத்துல கண்டுபிடிச்சா."

"சட்டத்துலயா?" அவர் முகத்தில் சிரிப்பா கோபமா என்று தெரியவில்லை. "டேய், நாளையிலேர்ந்து கயிறு உன் கையில வேண்டாம். ஒரு வருஷம் திமிசு பிடி. மண்ணு இடி. அப்புறம் பார்ப்போம்." கொஞ்ச தூரம் போனவர் திரும்பி வந்தார். "எங்கம்மா கேட்டிருந்தா நான் இருபது முழம் இழுத்திருப்பேன். அதான் உங்கிட்ட கயிறு இருக்கக் கூடாதுன்னு சொல்றேன். எங்கிட்டயும் யாராவது பிடுங்கணும்."

திமிசு கனம்தான். ஒரே நாளில் தோள் வீங்கிவிட்டது. ஆனால் முளையை மாற்றியதிலிருந்து இரவில் நன்றாகத் தூக்கம் வருகிறது. முளை அடித்த பிறகு மூன்று வாரம் நான் தூங்கவே இல்லை, உனக்கு எழுதவில்லை.

உயிர்ப்பு ஞாயிறு முடிந்து எட்டாம் நாள் மடத்தை இடிக்கத் தொடங்குகிறார்கள். செங்கலை வீணாக்க மாட்டோம், எல்லாம் முகத்துக்கு வரும். உங்கள் திராட்சைக் கொடியை வெட்டும் ஆட்களில் என்னையும் போட்டிருக்கிறார்கள். அதைச் சுள்ளிக் கட்டாகக் கட்டி மண்ணுக்கு நடுவில் வைப்போம். மெதுவாக வெட்டச் சொல்கிறேன்.

மன்னித்துக்கொள் என்று எழுத நினைத்தேன். எதற்கு என்று தெரியவில்லை. இழுத்ததற்கா, மாற்றியதற்கா?

அண்ணன் நெரியோ


மலையூர், அத்தை வீடு
26 ஏப்ரல்

என் அன்பு அண்ணாவுக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். கழுதை மட்டும் பத்திரமாக வரவில்லை, வழியில் ஒரு லாடம் போய்விட்டது. அத்தை உனக்கு ஆசி சொல்கிறாள். நீ இளைத்துவிட்டாய் என்று பார்க்காமலேயே சொல்கிறாள்.

இரண்டுக்கும் மன்னிக்க ஒன்றுமில்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

மீன் சந்தை வீட்டில் புத்தகங்களுக்கும் இடமில்லை. கடைசி நாள் பெரிய தாயார் எங்களை வரிசையாக நிற்கவைத்து நாற்பத்தொன்றையும் பங்கு போட்டார். மற்றப் பெண்களுக்கு மூன்று மூன்று, நாலு நாலு. என் முறை வந்ததும், "உனக்கு எதும்மா வேணும்?" என்றார். வடிவியல் என்றேன். அதைக் கையில் வைத்து, அதன்மேல் இன்னும் ஐந்தை அடுக்கினார். "கடனா குடுக்கிறேன். படிச்சு முடிச்சதும் மீன் சந்தை வீட்டுக்குக் கொண்டுவந்து, மத்தப் பொண்ணுங்க கொண்டுவர்றதோட மாத்திட்டுப் போ. மீன் நாத்தம் அடிக்கும், பரவாயில்லையா?" உனக்கும் எனக்கும் தெரிந்தது அவருக்கும் தெரியுமோ என்று அவர் முகத்தைப் பார்த்தேன். "வெங்காயம்" என்றார் கண்ணைத் துடைத்துக்கொண்டு. அங்கே சமையலறையே இடித்தாகிவிட்டது.

மணியை இறக்கும்போது நான் பார்க்கவில்லை. சத்தம் மட்டும் கேட்டது.

வழியில் கொத்தளத்துக்குப் பக்கத்தில் கழுதைக்காரரை நிறுத்தச் சொன்னேன். நீ அந்தப் பக்கம் மண் இடித்துக்கொண்டிருந்தாய் போல, திமிசுப் பாட்டு கேட்டது. உன் குரல் எப்போதும் ஒரு தாளம் பிந்தும், அதனால் கண்டுபிடித்தேன். கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தால் மறுபடி கழுதைமேல் ஏறியிருக்க மாட்டேன்.

முனைக்குப் போனேன். செங்கல் என் முழங்கால்வரை வந்திருந்தது. எங்கள் மதிற்சுவரின் செங்கல்தான், சுண்ணாம்பு அப்படியே ஒட்டியிருந்தது. அதே மாதிரி முகத்துக்கு வெளியே குந்தி உட்கார்ந்தேன். என்னை வழியனுப்ப அதுவரை வந்த தொமாசாக்கா, "மறுபடியுமா? புதுப் பாவாடைடி!" என்று கத்தினாள்.

செங்கல் வரிசை ஓடுகிற வழியே கண்ணை ஓட்டினேன். தோள் மறைக்கவில்லை. அங்கே, அந்தக் கோட்டின் முடிவில், காதுக்குப் பின்னால், இரண்டு கறுப்பு ஓட்டைகள் தெரிந்தன. கொஞ்சம் இந்தப் பக்கம் நகர்ந்தேன், தெரிந்தன. முனையிலிருந்து தோள்வரை நடந்தேன். ஓர் அடிகூட அது என்னை விடவில்லை.

"இப்போ தெரியுதா அக்கா?"

அவள் மூச்சு வாங்கக் குந்தினாள். "அய்யோ ஆமாம்டி. நம்மளையே பார்க்குது. இங்க உட்கார்ந்து சாப்பிட முடியாது."

அவள் தங்கையின் மகன் காது இன்னும் நீலமாகத்தான் இருக்கிறதாம்.

அத்தை பக்கத்து வீட்டுப் பையனைப் பற்றி நான்காவது தடவை பேசினாள். பதினாறு வயதுவரை என் கையிலிருந்து புத்தகத்தை யாரும் பிடுங்கக் கூடாது என்பது அம்மாவின் கடைசிச் சொல் என்றேன். அத்தை அடுப்பை ஊதுவதை நிறுத்தினாள். "எங்க அண்ணி அப்படிச் சொன்னாளா?" என்று கேட்டாள். பிறகு ஆட்டுப் புத்தகத்தை நகர்த்திவிட்டு அலமாரியில் என் ஆறு புத்தகங்களுக்கும் இடம் விட்டாள்.

இங்கே வாசலில் நின்றால் நகரம் தெரிவதில்லை. குன்றின்மேல் ஏறினேன், அப்போதும் தெரியவில்லை. முன்பெல்லாம் ஃபாத்ஸியோ தாத்தாவின் கோபுரம் இங்கிருந்து தெரியும் என்கிறாள் அத்தை. நீங்கள் சரியாகத்தான் கட்டுகிறீர்கள், அண்ணா. ஒன்றுமே தெரியவில்லை.

தோளுக்குச் சூடான உப்பு ஒத்தடம் கொடு. தொப்பியை அனுப்பு, ஓட்டையைத் தைத்துத் தருகிறேன்.

எப்போதும் உன்
ஒர்சோலா